ஹாட் வயர் ரீடிங் தப்பாக வந்தால் எங்கே தேடுவது: அறிகுறி வாரியாக

காற்றின் வேகத்தை அளக்கும் ஹாட் வயர் அனிமோமீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், தன்னிடமிருந்து எவ்வளவு வெப்பம் பறிபோகிறது என்பது. வேகம் என்பது நாம் அதை வைத்துக் கணக்குப் போட்டு எடுக்கிற எண். ஆகவே ரீடிங் சந்தேகமாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "கம்பியின் வெப்பம் வேறு எந்த வழியில் போகிறது, அல்லது எது அதைப் போகவிடாமல் தடுக்கிறது?" என்பதுதான். கீழே சொல்லப்போகும் எல்லா அறிகுறிகளும் இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

கம்பியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆய்வகத்தில் சாதாரணமாகப் புழங்கும் ப்ரோபில் இரண்டு ஊசி முனைகளுக்கு நடுவே 5 மைக்ரோமீட்டர் தடிமனில், ஒன்றேகால் மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு டங்ஸ்டன் கம்பி இருக்கும். தலைமுடியைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு மெல்லியது, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்கே தெரியும். 20 டிகிரியில் அதன் மின்தடை சுமார் 3.5 ஓம். சூடாக ஆக மின்தடை கூடும், டிகிரிக்கு 0.36 சதவீதம். இந்தக் குணம்தான் நமக்குப் பிடிமானம்: மின்தடையை ஓரிடத்தில் நிறுத்தினால் வெப்பநிலையும் அங்கேயே நின்றுவிடும். மின்தடை 6.3 ஓமில் நிற்கும்படி, மின்தடைகளை ஒப்பிட்டுச் சமன் பார்க்கும் மின்சுற்றான பிரிட்ஜை அமைத்தால் கம்பி சுமார் 242 டிகிரியில் நிற்கும். காற்று வந்து அதைக் குளிரவைக்கப் பார்க்கும், மின்தடை ஒரு துளி இறங்கும், பிரிட்ஜின் சமநிலை கெடும், பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் உடனே மின்னோட்டத்தைக் கூட்டிக் கம்பியைப் பழைய சூட்டுக்கே கொண்டுவந்துவிடும். இதெல்லாம் நாம் கண் இமைப்பதற்குள் பல நூறு முறை நடந்து முடிந்திருக்கும். கம்பியின் சூடு மாறாமல் இருக்க எவ்வளவு வோல்டேஜ் தேவைப்பட்டது என்பதுதான் நம் கைக்கு வருகிறது.

வெப்பக் கணக்கு இது: மின்சாரம் கம்பிக்குள் கொட்டும் சூடு, காற்று அடித்துக்கொண்டு போகும் சூட்டுக்கும் இரு முனைகள் வழியாக ஊசிகளுக்குள் இறங்கும் சூட்டுக்கும் சமம். கதிர்வீச்சாகப் போவது இந்த அளவில் கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவு. வினாடிக்கு 10 மீட்டர் காற்றில் மொத்தமும் சேர்ந்து முப்பது முப்பத்தைந்து மில்லிவாட்தான் இருக்கும். லூயி கிங் 1914இல் எழுதிய சமன்பாடு இதைச் சுருக்கித் தருகிறது:

```
E^2 = A + B * U^n
```

E பிரிட்ஜ் வோல்டேஜ், U வேகம், n ஏறக்குறைய 0.45. A, B இரண்டும் கேலிப்ரேஷனில் கிடைப்பவை. இதில் பலரும் மறந்துவிடுவது, A, B இரண்டுக்குள்ளும் கம்பிக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பது. கேலிப்ரேஷன் செய்த நேரத்துக் காற்றின் வெப்பநிலைக்குத்தான் அந்த எண்கள் செல்லும். சிங்கப்பூரில் இது எப்படி வேலையைக் கெடுக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

ஃபேன் வேகம் அப்படியே இருக்கிறது, ரீடிங் மட்டும் மெல்ல மெல்ல இறங்குகிறது

இங்கே எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான், அதிலும் சாயங்காலத்தில். கட்டடத்தின் மைய ஏர்கான் மாலை ஆறு மணி வாக்கில் நின்றுவிடும், ஆனால் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு வேலையே அப்போதுதான் சூடு பிடிக்கும். மதியம் 24 டிகிரியில் கேலிப்ரேட் செய்திருப்பார்கள், இரவு எட்டு மணிக்கு அறை 30 டிகிரிக்குப் போயிருக்கும். காற்றுச் சுரங்கம் மூடிய சுற்று வகையாக இருந்தால் அறை சூடாவதுகூடத் தேவையில்லை, ஃபேன் காற்றுக்குள் கொட்டும் ஆற்றலே சுற்றிச் சுற்றி வெப்பமாகச் சேரும்.

அப்படி ஒரு மாணவர் ஒருநாள் இரவு, "அண்ணா, மதியம் பத்து மீட்டர் காட்டிச்சு, இப்ப ஒன்பதுதான் காட்டுது, மோட்டார்ல ஏதோ கோளாறு போல" என்றார். "பிட்டோ என்ன காட்டுது?" என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். முதல் படி அதுதான். பிட்டோ குழாய்க்கும் கம்பியின் சூட்டுக்கும் சம்பந்தமே கிடையாது, அது அழுத்தத்தைப் பார்க்கிறது. 24 டிகிரியில் 10 மீ/வி வேகத்துக்கு 59 பாஸ்கல் வரும், 30 டிகிரியில் காற்று கொஞ்சம் லேசாகிவிடுவதால் 58க்குச் சற்றுக் கீழே வரும். அவ்வளவுதான் மாற்றம். ஃபேன் உண்மையிலேயே 9 மீட்டருக்கு இறங்கியிருந்தால் பிட்டோ 47 பாஸ்கல் பக்கத்தில் நின்றிருக்கும். அவருடைய பிட்டோ 58 காட்டியது. மோட்டார் நிரபராதி.

இரண்டாவது படி, காற்றின் வெப்பநிலையைக் கம்பிக்குப் பக்கத்தில் அளப்பது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை நம்ப வேண்டாம், அது அறையின் கதையைச் சொல்லும். சுரங்கத்துக்குள், கம்பி இருக்கும் அதே காற்றோட்டத்தில், ஆனால் கம்பிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் ஒரு மெல்லிய தெர்மோகப்பிளை வைக்க வேண்டும்.

இப்போது கணக்கு. கம்பி 242 டிகிரி. மதியம் காற்று 24, வித்தியாசம் 218 டிகிரி. இரவு காற்று 30, வித்தியாசம் 212. அதாவது அதே வேகத்தில் காற்று எடுத்துப்போகும் வெப்பம் முன்பிருந்ததில் 97.25 சதவீதம்தான். கணக்குப் புரிவதற்காக A = 2.0, B = 1.0, n = 0.45 என்று வைத்துக்கொள்வோம். மதியம் 10 மீட்டருக்கு E² = 4.818, E = 2.195 வோல்ட். இரவு E² = 4.686, E = 2.165 வோல்ட். குறைந்தது வெறும் 30 மில்லிவோல்ட். ஆனால் அந்த 2.165ஐ மதியத்து சமன்பாட்டில் போட்டுத் திருப்பிப் பாருங்கள், 8.98 மீ/வி வருகிறது. ஆறு டிகிரி ஏற்றம் பத்து சதவீத வேகத்தை விழுங்கிவிட்டது.

வெப்பத்தில் மூன்று சதவீதத்துக்கும் குறைவான மாற்றம் வேகத்தில் ஏன் பத்தாகப் பெருகுகிறது? வேகம் சமன்பாட்டில் 0.45 என்ற அடுக்கோடு உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிரித்தெடுக்கும்போது பிழை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. அதோடு A என்ற பகுதியும் சேர்ந்துதான் குறைகிறது, நாமோ பழைய A-வைக் கழிக்கிறோம், அந்தக் குறை முழுவதும் B பகுதியின் தலையில் விழுகிறது. வேகம் குறையக் குறைய இது இன்னும் மோசம். அதே ஆறு டிகிரியில் 1 மீ/வி காற்றை இந்தக் கம்பி 0.83 என்று சொல்லும், பதினேழு சதவீதக் குறைவு. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த அறிகுறியில் தேவைப்படும்.

திருத்தம் சுலபம்தான், வோல்டேஜைத் திருத்திவிட்டுப் பிறகு வேகமாக மாற்ற வேண்டும்:

```
E_corr = E * sqrt((Tw - T0) / (Tw - Ta))
```

Tw கம்பியின் வெப்பநிலை, T0 கேலிப்ரேஷன் நேரத்துக் காற்று, Ta இப்போதைய காற்று. நம் எண்களைப் போட்டால் 218ஐ 212ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க 1.014, அதை 2.165ஆல் பெருக்க 2.195. மதியத்து வோல்டேஜ் திரும்பி வந்துவிட்டது. வேகத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டு அதன்மேல் ஏதோ ஒரு சதவீதத்தைக் கூட்டுவது என்ற குறுக்கு வழி வேண்டாம், சதவீதம் ஒவ்வொரு வேகத்துக்கும் வேறு என்பதைத்தான் இப்போது பார்த்தோம்.

இந்தத் திருத்தம் சில டிகிரி நகர்வுக்கு நன்றாகவே வேலை செய்யும். பதினைந்து இருபது டிகிரி என்று போனால் காற்றின் கடத்துதிறனும் பாகுநிலையும்கூட மாறத் தொடங்கிவிடும், அப்போது மறுபடி கேலிப்ரேட் செய்வதுதான் உத்தமம்.

இன்னொன்று, சில கருவிகளில் ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்பும் காற்றின் அப்போதைய வெப்பநிலைக்கு ஏற்றபடி பிரிட்ஜைத் திரும்ப அமைக்கும் வசதி இருக்கும். அதைப் பயன்படுத்தினால் கம்பியும் காற்றோடு சேர்ந்து மேலே ஏறுகிறது, வித்தியாசம் ஏறக்குறைய காப்பாற்றப்படுகிறது. அதையும் செய்துவிட்டு மேலே உள்ள திருத்தத்தையும் போட்டால் இரண்டு முறை திருத்தியதாகிவிடும், இந்தத் தடவை ரீடிங் மேலே போய் நிற்கும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது பிரிட்ஜைத் தொடாமல் விட்டுவிட்டு வெப்பநிலையைப் பதிவு செய்து பின்னால் திருத்துவது. தவறு நடந்திருந்தால் பதிவிலிருந்து அதை மீட்டுவிடலாம், பிரிட்ஜில் நடந்த தவறை மீட்க வழியில்லை.

வெப்பநிலையைத் திருத்திய பிறகும் இறங்கிக்கொண்டே போகிறது

சரி, அப்படியானால் கம்பியே மாறியிருக்கிறது. இதில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று அழுக்கு, மற்றது கம்பியின் உடம்பு மெலிவது. வெளித் தோற்றத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பிரித்துப் பார்க்கும் வழி கம்பியின் குளிர்ந்த மின்தடை.

அழுக்கை முதலில் பார்ப்போம். அறையிலிருந்து காற்றை உறிஞ்சும் திறந்த வகைச் சுரங்கத்தில் வெளியே இருப்பதெல்லாம் உள்ளே வரும். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்றில் மிதக்கும் பிஎம்2.5 துகள்களை நினைத்துப் பாருங்கள், அவற்றில் பெரியது கம்பியின் தடிமனில் பாதி. அப்படி நாலைந்து கம்பியின் முகத்தில் ஒட்டினாலே அதன் வடிவம் மாறிப்போகும், வெப்பம் காற்றுக்குப் போகும் வழியில் ஒரு போர்வை விழும். பஞ்சு, துணி நார் ஒட்டினால் சொல்லவே வேண்டாம். வெப்பம் குறைவாகப் போகிறது, வோல்டேஜ் குறைகிறது, காற்று மெதுவாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இங்கேதான் முன்பு சொன்ன விவரம் உதவுகிறது. வெப்பநிலைப் பிழை சதவீதக் கணக்கில் குறைந்த வேகத்தில் பெரியது. அழுக்கோ வேகம் கூடும்போதுதான் அதிகம் முகம் காட்டும், குறைந்த வேகத்தில் அடக்கமாக இருக்கும். ஆகவே 2 மீட்டரிலும் 15 மீட்டரிலும் பிட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2 மீட்டரில் பிட்டோ தருவது இரண்டரை பாஸ்கலுக்கும் குறைவு, நல்ல மைக்ரோமனோமீட்டர் இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து குளிர்ந்த மின்தடை. கருவியை ஸ்டாண்ட்பைக்குக் கொண்டுபோய், அதன் சொந்த மின்தடை அளக்கும் முறையிலேயே அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரால் அளப்பதை நான் தவிர்ப்பேன், மூன்றரை ஓமில் அதன் வயர்களின் தடையே கணிசமான பங்கைத் தின்றுவிடும். அளந்த நேரத்து வெப்பநிலையையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் கம்பி 24 டிகிரியில் 3.55 ஓம், 30 டிகிரியில் 3.63 ஓம் காட்ட வேண்டும். வெப்பநிலையைச் சரிக்கட்டிய பின் எண் மாறவில்லையென்றால் கம்பி பத்திரமாக இருக்கிறது, பிரச்சினை மேலே ஒட்டியிருப்பதில்தான். மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு, ப்ரோப் முனையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் மெல்ல இறக்கிச் சற்று நேரம் விட்டு, ஆடாமல் அசையாமல் எடுத்துத் தானாகக் காயவிடுங்கள். பிரஷ் வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். அல்ட்ராசானிக் தொட்டியில் போடுவது கம்பிக்கு விடை கொடுப்பதற்குச் சமம்.

மின்தடை கூடியிருந்தால் கதை வேறு. அளவுக்கு மீறிச் சூடாக்கப்பட்ட டங்ஸ்டன் காற்றில் ஆக்ஸிஜனேற்றம் அடையும், 300 டிகிரிக்கு மேல் போனால் இது வேகம் பிடிக்கும். கம்பியின் குறுக்களவு குறைந்து மின்தடை கூடும். 24 டிகிரியில் 3.55 ஓமாக இருந்தது 3.65 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் இன்னும் 6.3 ஓமையே பிடித்து நிறுத்துகிறது, ஆனால் அந்த 6.3ஐ எட்ட இந்தக் கம்பி 228 டிகிரிக்குப் போனாலே போதும். பதின்மூன்று டிகிரிக்கும் மேலான சூடு காணாமல் போய்விட்டது, எந்தத் திரையிலும் அது தெரியாது. காற்றின் வெப்பநிலை அத்தனை டிகிரி ஏறியதற்கு ஒப்பான பிழை இது. இந்தக் கம்பியைக் கழுவிப் பயனில்லை. அவசரமென்றால் பிரிட்ஜைத் திரும்ப அமைத்துக் கேலிப்ரேட் செய்து ஒப்பேற்றலாம், ஆனால் மெலியத் தொடங்கிய கம்பி நிற்காமல் மெலிந்துகொண்டேதான் போகும்.

கேபிளை மாற்றினேன், அதிலிருந்து எல்லாமே குறைவாக வருகிறது

இதற்கு அதிகம் தேட வேண்டியதில்லை. பிரிட்ஜுக்குக் கம்பி எது, கேபிள் எது என்று தெரியாது, கோர்வையாக வரும் மொத்தத் தடையைத்தான் அது பார்க்கிறது. புது கேபிள் பழையதைவிட 0.3 ஓம் கூடுதலாக இருந்து, அதைக் கருவியில் பதியாமல் விட்டால், கம்பி 6.3க்குப் பதில் 6.0 ஓமில் நிற்கும். இந்தக் கம்பியில் டிகிரிக்கு 0.0126 ஓம் என்பதால் அது கிட்டத்தட்ட 24 டிகிரி இழப்பு. கனெக்டர் ஊசியில் பச்சை படிந்திருந்தாலும் இதே விளைவுதான், நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது ஒன்றும் அபூர்வம் இல்லை. ப்ரோப் இருக்கும் இடத்தில், கம்பி இல்லாமல் முனைகள் நேரடியாக இணைந்த ஷார்ட்டிங் ப்ரோபைச் செருகி கேபிள் தடையை அளந்து பதியுங்கள். செருகவும் பிடுங்கவும் முன்னால் கண்டிப்பாக ஸ்டாண்ட்பை. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கிச் செருகினால் ஆம்ப்ளிஃபயர் ஒரு கணம் முழு மின்னோட்டத்தையும் தள்ளும், கம்பி அங்கேயே முடிந்துபோகும்.

ஃபேனை நிறுத்திவிட்டேன், ஆனாலும் 0.1, 0.15 என்று ஏதோ காட்டுகிறது

பெரும்பாலும் இது பழுது கிடையாது. 240 டிகிரிக் கம்பி தன்னைச் சுற்றிய காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று மேலே எழுகிறது, அந்த எழுச்சி கம்பியைக் குளிர வைக்கிறது. தான் உண்டாக்கிய காற்றைத் தானே அளந்துகொண்டிருக்கிறது. சமன்பாட்டில் U பூஜ்யமானாலும் A மிச்சமிருப்பதற்கு இதுவும் ஊசிகளுக்குள் இறங்கும் சூடும்தான் காரணம். ஏறக்குறைய 0.2 மீ/விக்குக் கீழே போனால் இந்த எழுச்சியும் நாம் தேடும் காற்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும், கம்பி கிடையாக இருக்கிறதா நிமிர்ந்து இருக்கிறதா என்பதுகூட ரீடிங்கை மாற்றும்.

காற்றுச் சுரங்கத்தில் வேலை செய்பவருக்கு இது பெரிய தலைவலி இல்லை. அலுவலகங்களில் காற்றின் தரம் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் இடிக்கும். உள்ளரங்கக் காற்றுத் தரத்துக்கான சிங்கப்பூர்த் தரநிலை எஸ்எஸ் 554 சொல்லும் காற்றசைவு 0.10 முதல் 0.30 மீ/வி வரை. அதாவது கருவி மிகவும் தடுமாறும் இடத்தில்தான் நாம் "ஏற்கத்தக்கது", "ஏற்கத்தகாதது" என்று தீர்ப்பு எழுதப் போகிறோம். கையடக்கக் கருவி 0.12 என்று காட்டினால் அந்த இரண்டாவது தசம இடத்தை நம்பி அறிக்கை எழுதாதீர்கள். ப்ரோபின் மூடியைப் பூட்டிவிட்டுப் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் மூடி பூட்டிய நிலையிலேயே ஜீரோ செய்யுங்கள், பிறகு கருவியோடு வந்த கையேட்டில் அதன் கீழ் எல்லை என்ன என்று தேடுங்கள். கேலிப்ரேஷன் சான்றிதழில் கடைசிப் புள்ளி 0.5 மீட்டராக இருந்தால், அதற்குக் கீழே வரும் எந்த எண்ணுக்கும் அந்தச் சான்றிதழ் ஜாமீன் நிற்காது. இன்னொரு சின்ன விஷயம், திறந்த அறையில் நின்றுகொண்டு பூஜ்யம் தேடாதீர்கள். ஏர்கான் ஓடும் அறையில் காற்று எங்கேயும் சும்மா இருப்பதில்லை, நீங்கள் மூச்சு விடுவதைக்கூடக் கம்பி பார்த்துக்கொண்டிருக்கும்.

டக்டுக்குள் விட்டதும் தாறுமாறாக ஏறுகிறது, பிறகு மெதுவாக இறங்கி நிலைக்கிறது

கையடக்கக் கருவிகளில் இரண்டு உணரிகள் இருக்கும், ஒன்று சூடாக்கப்பட்டது, மற்றது காற்றின் வெப்பநிலையைப் பார்த்து முன்னே சொன்ன திருத்தத்தைத் தானாகச் செய்வதற்கு. சிக்கல் அந்த இரண்டாவதின் சோம்பலில் இருக்கிறது. மொட்டை மாடியில் 32 டிகிரியில் கிடந்த ப்ரோபை 14 டிகிரி சப்ளை டக்டுக்குள் நுழைக்கிறீர்கள். சூடான உணரி உடனே புதுக் காற்றை உணர்ந்துவிடும், ஆனால் மற்றது இன்னும் 32 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். "32 டிகிரிக் காற்று இவ்வளவு வெப்பத்தைப் பறிக்கிறதென்றால் வேகம் பயங்கரமாக இருக்க வேண்டும்" என்று கருவி முடிவுகட்டும். உணரி குளிரக் குளிர எண் இறங்கும். குளிரிலிருந்து வெயிலுக்குக் கொண்டுவந்தால் நேர் தலைகீழ், குறைவாகத் தொடங்கி ஏறும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கருவி காட்டும் வெப்பநிலை நிலைக்கும் வரை எந்த எண்ணையும் எழுதாதீர்கள். வெப்பநிலையைத் திரையில் சேர்த்துக் காட்டும் வசதி இருந்தால் அதை எப்போதும் போட்டு வைப்பேன்.

நிலைத்த பிறகும் இரண்டு மூன்று சதவீதம் ஒட்டவில்லையென்றால், கருவி சொல்வது உண்மை வேகமா, தரநிலைக் காற்றுக்கு மாற்றிய வேகமா என்று அமைப்பில் பாருங்கள். கம்பி உணர்வது அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கிய தொகையை. சிங்கப்பூர் கடல் மட்டத்தில் இருப்பதால் அழுத்தம் நம்மைப் படுத்தாது, வெப்பநிலை மட்டும்தான். 21 டிகிரியை அடிப்படையாகக் கொண்ட கருவி 14 டிகிரிக் காற்றில் உண்மை வேகத்தைவிட சுமார் இரண்டரை சதவீதம் கூடுதலாகச் சொல்லும்.

நடுநடுவே ஊசி மாதிரி வோல்டேஜ் எகிறுகிறது

கூலிங் காயிலுக்குப் பின்னால் அளக்கிறீர்களா? அப்படியானால் தண்ணீர்தான். காயிலைக் கடந்த காற்று கிட்டத்தட்ட நிறைந்த ஈரத்தோடு வருகிறது, காயிலுக்குள் காற்று நுழையும் முகவேகம் அதிகமானால் காயிலின் தகடுகளிலிருந்து சின்னத் துளிகளையும் பிய்த்துக்கொண்டு வரும். அப்படி ஒரு துளி கம்பியில் மோதினால் ஆவியாவதற்குள் ஏராளமான வெப்பத்தைக் குடித்துவிடும், ஆம்ப்ளிஃபயர் அதை ஈடுகட்டப் பாயும், திரையில் ஓர் ஊசி எழும்பும். மேலே எகிறி உடனே இறங்கும், இடைவெளி ஒழுங்கற்று இருக்கும், கம்பி காற்றில் அதிர்வதால் வரும் சீரான அலை போல இருக்காது. சராசரியைத்தான் பார்க்கிறேன் என்று அலட்சியமாக விட வேண்டாம், எல்லா ஊசியும் மேல்நோக்கியே இருப்பதால் சராசரியும் மேலே போகும். துளிகள் அடங்கும் தூரம் வரை கீழே நகர்ந்து அளப்பதுதான் வழி, இடம் இல்லையென்றால் அந்த இடத்தில் கம்பியை விட்டுவிட்டுப் பிட்டோவை எடுங்கள்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. 22 டிகிரி அறையிலிருந்து ப்ரோபை வெளியே எடுத்துவந்தால், இங்கே வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை 24, 25 டிகிரியில் இருப்பதால் ப்ரோபின் ஊசிகளிலும் தண்டிலும் உடனே வியர்க்கும், மூக்குக்கண்ணாடியில் படிவது போலவே. சூடான கம்பியில் தண்ணீர் நிற்காது, ஆனால் ஊசிகளுக்கு நடுவேயும் கனெக்டரிலும் நிற்கும், மின்சாரம் அதன் வழியாகக் கசியும், ரீடிங் காரணமில்லாமல் ஆடும். ப்ரோப் பெட்டியை மூடியபடியே வெளியே வைத்து, உள்ளே இருப்பது வெளியின் சூட்டுக்கு வந்த பிறகு திறப்பது போதும்.

சுவரை நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது

இயற்பியலுக்கு ஒவ்வாத எண் என்று பார்த்தாலே தெரியும், சுவரில் காற்று நின்றுபோயிருக்க வேண்டும். கம்பியின் சூடு இப்போது காற்றைத் தாண்டிச் சுவருக்கும் போகிறது, கம்பிக்கு அது பலத்த காற்றாகத் தோன்றுகிறது. அலுமினியச் சுவரில் அதிகம், அக்ரிலிக்கில் குறைவு. சுவரை ஒட்டிக் காற்று மெதுவாகும் எல்லைப் படலத்தின் வரைபடத்தில் வேகம் இறங்கிவந்து சுவருக்கு மிக அருகே திடீரென்று மேலே வளைந்தால், வளையத் தொடங்கிய இடத்திலிருந்து சுவர் வரை உள்ள புள்ளிகளை நீக்கிவிடுங்கள். மென்மைப்படுத்தி ஒப்பேற்றப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் புள்ளிகளில் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

காற்று திரும்பி அடிக்கும் இடத்திலும் ரீடிங் நன்றாகத்தான் இருக்கிறது

பார்க்க நன்றாக இருப்பதுதான் இதில் ஆபத்து. முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் காற்று வெப்பத்தை ஒரே மாதிரிதான் பறிக்கும், ஒற்றைக் கம்பிக்குத் திசை தெரியாது. டிஃப்யூசரின் ஓரத்திலோ டக்டின் வளைவுக்கு உடனே பின்னாலோ காற்று கொஞ்ச நேரம் முன்னும் கொஞ்ச நேரம் பின்னும் ஓடும். கம்பி எல்லாவற்றையும் நேர் எண்ணாகவே எழுதும், எதிர்த்திசைப் பகுதி கழிய வேண்டியதற்குப் பதில் கூடும், மொத்த ஓட்டம் உண்மையைவிடப் பெரிதாக வரும். சந்தேகம் வந்தால் ஒரு நூல் துணுக்கைக் குச்சியில் கட்டி அந்த இடத்தில் நீட்டிப் பாருங்கள். நூல் ஒரு பக்கமாக நிற்காமல் முன்னும் பின்னும் புரண்டால் அந்தப் புள்ளியில் எடுத்த எண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வளைவைத் தாண்டி நேரான பகுதிக்குப் போய் மறுபடி அளங்கள். நூல் ஒரே பக்கம் நிற்கிறது, ரீடிங் மட்டும் எதிர்பார்த்ததைவிட ஐந்தாறு சதவீதம் குறைகிறது என்றால் ப்ரோபைச் சாய்வாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கம்பியைக் குறுக்காகக் கடக்கும் காற்றுதான் அதைக் குளிரவைக்கிறது, 20 டிகிரி சாய்ந்தால் அந்தக் குறுக்குப் பகுதி ஆறு சதவீதம் குறைந்துவிடும். நீட்டிக் குறைக்கும் கைப்பிடி கொண்ட ப்ரோபில் முனையில் ஓர் அம்புக்குறி இருக்கும், டக்டுக்குள் போனதும் அது கண்ணுக்குத் தெரியாது, ஆகவே அதே திசையில் கைப்பிடியிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள்.